சூப்பர் ஃபேமிகாமும் இன்றைய டிவியும்: வாங்குவதிலிருந்து திரையில் தெளிவாகப் பார்ப்பது வரை

பழைய கன்சோல் தேடுபவர்கள் முதலில் கன்சோலை வாங்குகிறார்கள், பிறகு கேட்ரிட்ஜ்களைச் சேர்க்கிறார்கள், கடைசியில் மிஞ்சிய பணத்துக்கு ஏதோ ஒரு கேபிளை வாங்கி டிவியில் செருகுகிறார்கள். படம் மங்கலாக வந்ததும் கன்சோல் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது கன்சோலில் இருப்பதில்லை. கன்சோல் அனுப்பும் சிக்னலை டிவி வேறு ஒன்றாகப் புரிந்துகொள்வதுதான் காரணம். ஆகவே டிவியில் தொடங்கி, கேபிள் வழியாகக் கன்சோலுக்கு வந்து, அதன் பிறகு கேட்ரிட்ஜுக்குப் போவதே சரியான வரிசை.

எல்லாக் கன்சோல்களையும் ஒரே கட்டுரையில் அடக்க முயன்றால் எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1990 நவம்பரில் ஜப்பானில் வெளியான இந்தக் கன்சோல், 1991-இல் சூப்பர் நிண்டெண்டோ என்ற பெயரில் வட அமெரிக்காவுக்கும் 1992-இல் ஐரோப்பாவுக்கும் சென்றது. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மின்சுற்றுதான், ஆனால் வாங்குபவரைச் சிக்கவைக்கும் வேறுபாடுகள் பல. இதைச் சரியாக வாங்கத் தெரிந்தவருக்கு மற்ற கன்சோல்களில் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இணையத்தில் ஒரு விற்பனை அறிவிப்பு: ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாம், இரண்டு கன்ட்ரோலர்கள், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு முனைகள் கொண்ட ஏவி கேபிள், பவர் அடாப்டர், மூன்று கேட்ரிட்ஜ்கள். "பவர் விளக்கு எரிகிறது, வேறு எதுவும் சோதிக்கவில்லை" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். உங்கள் டிவியில் எச்டிஎம்ஐ துளைகள் மட்டுமே இருக்கின்றன. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

படி 1: டிவி என்ன எதிர்பார்க்கிறது?

சூப்பர் ஃபேமிகாம் பெரும்பாலான கேம்களில் 256-க்கு 224 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அனுப்புகிறது. இதை 240p என்பார்கள். அந்தக் காலத்து ஒளிபரப்பு 480i. அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று மாறி மாறி வரும் அரைப் படங்கள். 240p என்பது அதே கம்பியில், அதே வேகத்தில், இரண்டு முறையும் ஒரே வரிகளில் முழுப் படத்தை வரைந்த ஒரு தந்திரம். பழைய பிக்சர் டியூப் டிவிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. வந்ததை அப்படியே வரைந்தது.

இன்றைய டிவி அப்படியல்ல. அனலாக் துளை இருந்தால்கூட, வந்த சிக்னலை 480i என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகக் கோத்துவிடுகிறது. அவை உண்மையில் தனித்தனிப் படங்கள் என்பதால், ஓடும் பாத்திரத்தின் விளிம்பு சீப்புப் பற்கள்போலக் கிழிகிறது. அடி வாங்கிய பாத்திரம் மின்னி மின்னித் தெரிய வேண்டும், அதற்காகக் கேம் அதை ஒன்றுவிட்டு ஒரு படத்தில் மட்டும் வரைகிறது. தவறாகக் கோக்கும் டிவியில் அந்தப் பாத்திரம் சில வேளை முழுவதுமாக மறைந்துபோகும். இந்த வேலைக்கு டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு, பொத்தானை அழுத்துவதற்கும் பாத்திரம் தாவுவதற்கும் இடையே தாமதமாகக் கையில் தெரியும்.

எனவே முதலில் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் இடையே ஒரு மாற்றுக் கருவி கட்டாயம். மஞ்சள் நிற ஏவி துளை இருந்தாலும் அதை நம்பிக் கன்சோல் வாங்காதீர்கள். கன்சோல் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க அது போதும், விளையாடப் போதாது.

படி 2: கேபிளைத் தேர்ந்தெடுத்தல்

சூப்பர் ஃபேமிகாமின் பின்புறத்தில் உள்ள அகலமான ஏவி துளை ஒன்றே மூன்று தரங்களில் படத்தைத் தருகிறது. எந்தக் கேபிளைச் செருகுகிறீர்களோ அந்தத் தரம் வெளிவரும். மட்டமானது காம்போசிட், மஞ்சள் முனை. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும், புள்ளிகள் ஊர்வதுபோலத் தெரியும். அதற்கு மேலே எஸ்-வீடியோ. இதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் அந்தக் கசிவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதற்கும் மேலே ஆர்ஜிபி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே வருவது.

என் கருத்தில், காம்போசிட்டிலிருந்து எஸ்-வீடியோவுக்கு மாறும்போது கண்ணில் படும் முன்னேற்றம், அங்கிருந்து ஆர்ஜிபிக்கு மாறும்போது கிடைப்பதைவிடப் பெரியது. புதிதாகத் தொடங்குபவர் எஸ்-வீடியோவில் நின்றுவிட்டால் எந்தக் குறையும் இல்லை. பணமும் பொறுமையும் இருப்பவர் ஆர்ஜிபிக்குப் போகலாம். ஆனால் அங்கே மூன்று கண்ணிகள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் கண்ணி, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேபிள் முனைகள். ஐரோப்பிய ஸ்கார்ட் முனையும் ஜப்பானிய ஜேபி-21 முனையும் ஒரே 21 முள் வடிவம்தான். உள்ளே கம்பிகள் செல்லும் இடங்கள் வேறு. நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற பழைய ஆர்ஜிபி கேபிள் ஜேபி-21 வகை. அதை ஸ்கார்ட் எதிர்பார்க்கும் கருவியில் செருகினால் படம் வராது, கருவி கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. கேபிள் எந்த வகை என்று விற்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, ஐரோப்பியக் கன்சோலின் ஆர்ஜிபி கேபிளும் ஜப்பானிய, அமெரிக்கக் கன்சோல்களின் கேபிளும் ஒன்றல்ல. பின்னவற்றுக்கு ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தேவை. ஐரோப்பியக் கன்சோலுக்கு அதற்குப் பதிலாக 75 ஓம் ரெசிஸ்டர் தேவை. மாற்றிச் செருகினால் படத்தின் வெளிச்சம் தாறுமாறாகும். எனவே கேபிள் வாங்கும்போது கன்சோல் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லியே வாங்குங்கள்.

மூன்றாவது, ஒத்திசைவுச் சிக்னல். படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும் சிக்னலைக் கேபிள் எங்கிருந்து எடுக்கிறது என்பதில் மூன்று வகைகள் உண்டு. காம்போசிட் கம்பியிலிருந்து எடுத்தால் நிறங்களுக்குள் இரைச்சல் புகலாம். ஒத்திசைவுக்கென்றே உள்ள தனிச் சிங்க் கம்பியிலிருந்து எடுக்கும் கேபிளை ஐரோப்பியக் கன்சோலில் செருகக் கூடாது, அங்கே அதே முள்ளில் 12 வோல்ட் வருகிறது. எஸ்-வீடியோவின் வெளிச்சக் கம்பியிலிருந்து எடுக்கும் லூமா சிங்க் வகைதான் நான் பரிந்துரைப்பது. படம் சுத்தமாக இருக்கும், பாதுகாப்பானதும்கூட.

ஒரு விதிவிலக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1998-இல் ஜப்பானில் வந்த சூப்பர் ஃபேமிகாம் ஜூனியரும், 1997-இல் அமெரிக்காவில் வந்த அதன் சிறிய இணையும் எஸ்-வீடியோவையோ ஆர்ஜிபியையோ வெளியே தருவதில்லை. உள்ளே சாலிடர் வைத்து மாற்றினால்தான் கிடைக்கும். சிறியதாக, புதியதாக இருக்கிறதே என்று அதை வாங்கியவர்கள் காம்போசிட்டோடு மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 3: கேபிளுக்கும் டிவிக்கும் நடுவே

இணையக் கடைகளில் கொட்டிக் கிடக்கும், ஒரு பக்கம் ஏவி, மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள சிறிய பெட்டிகளை வாங்காதீர்கள். டிவி செய்யும் அதே தவறை அவையும் செய்கின்றன. 240p-ஐ 480i என்று எடுத்துக்கொண்டு படங்களைக் கோக்கும், தாமதத்தைக் கூட்டும், பல பெட்டிகள் 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து மரியோவைப் பருமனாக்கும். அப்படி மாறிய படத்தை அதன் பிறகு எந்த நல்ல கருவியாலும் மீட்க முடியாது.

தேவைப்படுவது 240p என்றால் என்ன என்று தெரிந்த கருவி. எஸ்-வீடியோவில் நிற்பவருக்கு ரெட்ரோடிங்க் 2எக்ஸ் ப்ரோ போன்றது பொருத்தம். காம்போசிட், எஸ்-வீடியோ, கம்போனென்ட் மூன்றையும் ஏற்று, ஒவ்வொரு வரியையும் இரட்டித்து 480p ஆக எச்டிஎம்ஐயில் அனுப்பும். படம் முழுவதையும் சேமித்துவைத்து அனுப்பாமல் வரி வரியாகவே அனுப்புவதால் உணரக்கூடிய தாமதம் இல்லை. இதில் அமைக்க வேண்டியதும் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதுவே இதன் பெரிய வசதி.

ஆர்ஜிபி பக்கம் போவோருக்கு ஓஎஸ்எஸ்சி என்ற திறந்த மூலக் கருவி நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. அதில் காம்போசிட்டோ எஸ்-வீடியோவோ செருக முடியாது என்பதை வாங்கும் முன் கவனியுங்கள். சூப்பர் ஃபேமிகாமுக்கும் அதற்கும் ஒரு சிறு உரசலும் உண்டு. இந்தக் கன்சோல் ஒன்றுவிட்டு ஒரு படத்தில் ஒரு வரியைக் கொஞ்சம் குட்டையாக அனுப்புகிறது. பிக்சர் டியூப் டிவிக்கு அது தெரியவே தெரியாது. வந்ததை வந்தபடி பெருக்கி அனுப்பும் ஓஎஸ்எஸ்சி, அந்தக் கோணலையும் எச்டிஎம்ஐக்குக் கடத்திவிடுகிறது. சில டிவிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில டிவிகளில் படம் சில நொடிகளுக்கு ஒரு முறை கறுத்துக் கறுத்து வரும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் கேபிளை மாற்றிப் பார்ப்பது இங்கேதான். 2021-இல் வந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ் ப்ரோ போன்ற கருவிகள் படத்தை நினைவகத்தில் வாங்கி, ஒழுங்குபடுத்தி அனுப்ப முடிவதால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகின்றன. அவை 1080p அளவுக்குப் பெருக்கித் தருவதால் டிவி தன் பங்குக்குப் படத்தை மெழுகும் வேலையும் குறைகிறது.

நம் எடுத்துக்காட்டில் நான் எடுக்கும் முடிவு: எஸ்-வீடியோ கேபிள், 2எக்ஸ் ப்ரோ. அறிவிப்பில் உள்ள ஏவி கேபிளைச் சோதனைக்கு வைத்துக்கொள்வேன்.

படி 4: கன்சோல், அதிலும் முதலில் அதன் மின்சாரம்

சூப்பர் ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், முனையின் நடுப்பகுதி நெகட்டிவ். ஐரோப்பியக் கன்சோலுக்கு 9 வோல்ட் ஏசி. பழைய எட்டு பிட் என்இஎஸ் கன்சோலின் அடாப்டரும் ஏசிதான், அதன் முனை சூப்பர் ஃபேமிகாமில் பொருந்தியும் விடும். ஏசியை இதற்குள் விட்டால் உள்ளே உள்ள ஃபியூஸ் போகும், அதோடு நிற்காமலும் போகலாம். முனை பொருந்துகிறது என்பதை ஒருபோதும் அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செருக வேண்டும்.

நம் அறிவிப்பில் உள்ள ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. அதை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். இறக்கு மின்மாற்றி ஒன்றை வாங்க வேண்டும், அல்லது மேலே சொன்ன அளவுகளுக்குப் பொருந்தும், நடு நெகட்டிவ் உள்ள, உள்ளூர் மின்னழுத்தத்துக்கான புதிய அடாப்டரை வாங்க வேண்டும். இரண்டாவதுதான் எளிது.

அடுத்தது "பவர் விளக்கு எரிகிறது" என்ற வாசகம். அதன் பொருள் மின்சாரம் உள்ளே போகிறது என்பது மட்டுமே. பிராசசர் செத்துப்போன கன்சோலிலும் விளக்கு எரியும். கேம் ஓடும் படத்தையோ காணொளியையோ கேளுங்கள். அனுப்ப மறுத்தால் பழுதான கன்சோலுக்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். மேல் மூடி மஞ்சளாகி அடிமூடி சாம்பலாக இருப்பது பிளாஸ்டிக்கின் வேலை, அதற்கும் மின்சுற்றுக்கும் தொடர்பில்லை. தோற்றத்தில் குறையும் உள்ளே ஆரோக்கியமும் உள்ள கன்சோலைக் குறைந்த விலைக்கு வாங்க அது நல்ல வாய்ப்பு.

கையில் கிடைத்ததும் கேட்ரிட்ஜைச் செருகி இயக்குங்கள். கறுப்புத் திரை வந்தால் மனம் தளர வேண்டாம், பெரும்பாலும் அழுக்குதான் காரணம். 90 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியுள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கேட்ரிட்ஜின் தங்க நிறப் பற்களை மேலும் கீழுமாகத் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் பற்களை அரிக்கும். ஊதிய பிறகு ஓடுவதற்குக் காரணம் ஊதியது அல்ல, எடுத்துச் செருகியதில் தொடுபுள்ளி மாறியது.

மூன்று கேட்ரிட்ஜ்களைத் துடைத்தும் மூன்றிலும் கறுப்புத் திரை என்றால் பிராசசர் போயிருக்கலாம். படம் வந்து, நிறங்கள் மாறியோ பாத்திரங்கள் கோடு கோடாகச் சிதைந்தோ தெரிந்தால், படம் வரையும் சிப் பழுது. இதைப் பிடிக்க எஃப்-ஜீரோ என்ற பந்தயக் கேம் நல்ல சோதனை. அதன் சுழலும் ஓடுதளம் கன்சோலின் மோட் 7 என்ற திறனை முழுக்கப் பயன்படுத்துகிறது. அங்கே தளம் ஒழுங்காகச் சுழன்றால் ஒரு பெரிய பகுதி நலமாக இருக்கிறது என்று பொருள். இந்தச் சிப்புகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை, இன்னொரு கன்சோலிலிருந்துதான் எடுக்க வேண்டும். எனவே அப்படிப்பட்ட பழுது இருந்தால் சரிசெய்ய முயலாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடான பிறகே தலைகாட்டும் பழுதுகள் உண்டு. திரையின் நடுவில் மெல்லிய வெளிர் செங்குத்துக் கோடு தெரிந்தால் அது இந்தக் கன்சோலின் பிறவிக் குணம். சில பதிப்புகளில் அதிகமாகவும் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

படி 5: கேட்ரிட்ஜ்

ஜப்பானிய, அமெரிக்கக் கேட்ரிட்ஜ்கள் மின்னியல்படி ஒன்றுக்கொன்று பொருந்துபவை. தடுப்பது வடிவம் மட்டுமே. அமெரிக்கக் கன்சோலின் துளையில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் முளைகள் ஜப்பானியக் கேட்ரிட்ஜை மறிக்கும். அவற்றை நீக்கினால் ஓடும். ஐரோப்பியக் கேட்ரிட்ஜ் சூப்பர் ஃபேமிகாமின் துளைக்குள் போகும், ஆனால் பூட்டுச் சிப் வேறு என்பதால் பொதுவாக ஓடாது. ஐரோப்பியக் கன்சோல் 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால், தனியாகத் திருத்தப்படாத கேம்கள் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும். தேர்வு கையில் இருந்தால் ஜப்பானியக் கன்சோலையே வாங்குங்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஜப்பானிய மொழி தடையாகுமே என்ற கவலைக்கு, எழுத்து குறைவான கேம்களைத் தேர்வதே விடை. ஓடுவது, தாவுவது, பந்தயம், சண்டை வகைக் கேம்களுக்கு மொழி தேவையில்லை. சூப்பர் மெட்ராய்டின் ஜப்பானியக் கேட்ரிட்ஜில் ஆங்கிலத் தேர்வே இருக்கிறது. கதை நிறைந்த கேம்கள் வேறு கதை. அவற்றின் ஆங்கிலக் கேட்ரிட்ஜ்கள் விலை மிக உயர்ந்தவை, அதனாலேயே போலிகள் அதிகம் நடமாடுவதும் அங்கேதான்.

போலியைக் கண்டுபிடிக்க லேபிளை மட்டும் பார்ப்பது போதாது, இன்றைய அச்சு நன்றாகவே ஏமாற்றும். அமெரிக்கக் கேட்ரிட்ஜின் லேபிளில் தொழிற்சாலையில் அழுத்திய மங்கலான எண்கள் பெரும்பாலும் இருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். அது முதல் சோதனை மட்டுமே. உறுதியான சோதனை, திறந்து பார்ப்பது. 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற ஸ்க்ரூடிரைவர் அதற்கு வேண்டும். அசல் போர்டில் நிண்டெண்டோவின் பெயரும் போர்டு எண்ணும் அச்சிட்டிருக்கும், சிப்புகளில் சீரான எழுத்து இருக்கும், சாலிடர் ஒழுங்காக இருக்கும். கரும்பசை உருண்டையால் மூடிய சிப், கையால் இழுத்த கம்பிகள், பெயரில்லாத போர்டு ஆகியவை போலியின் அடையாளங்கள். விலை உயர்ந்த கேட்ரிட்ஜ் என்றால் வாங்கும் முன்பே போர்டின் படத்தைக் கேளுங்கள். நேர்மையான விற்பவர் தயங்குவதில்லை.

"ஓடுகிறதே, போலியாக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு எர்த்பவுண்டைச் சொல்வேன். அந்தக் கேமுக்குள்ளேயே நகலைக் கண்டறியும் சோதனைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. முதல் சோதனையை ஏய்த்துவிட்ட நகலில் எதிரிகள் அளவுக்கு மீறிப் பெருகுவார்கள். அதையும் தாங்கி விளையாடி இறுதிச் சண்டை வரை வந்தால் கேம் உறைந்து, சேமித்த ஆட்டங்களை எல்லாம் அழித்துவிடும். பல மணி நேர உழைப்பு அங்கே போய்விடும்.

ஆட்டத்தைச் சேமிக்கும் கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், வழக்கமாக சிஆர்2032. முப்பது ஆண்டு ஆன பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீரலாம். சோதிக்க, ஒரு ஆட்டத்தைச் சேமித்து, அணைத்து, கேட்ரிட்ஜை வெளியே எடுத்து ஒரு நாள் வைத்திருந்து மீண்டும் செருகிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 2.5-க்குக் கீழே என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட்டரி உலோகப் பட்டைகளோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். புதியதையும் பட்டையோடு வருவதாகவே வாங்குங்கள், பேட்டரியின் மேல் நேரடியாகச் சாலிடர் வைப்பது ஆபத்து. பழையதைக் கழற்றியதும் அதிலிருந்த ஆட்டங்கள் அழிந்துவிடும். முந்தைய உரிமையாளரின் ஆட்டத்தைப் பாதுகாக்க விரும்பினால், கழற்றும் முன் கேட்ரிட்ஜ் படிக்கும் கருவியால் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இணைத்து, டிவியை அடக்குதல்

எல்லாவற்றையும் இணைத்த பிறகு டிவியின் அமைப்புகளுக்குள் போங்கள். கேம் மோடை இயக்குங்கள், தாமதத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். படத்தின் வடிவத்தை 4:3 ஆக்குங்கள். கூர்மையாக்கல், இரைச்சல் குறைப்பு, அசைவை மென்மையாக்கல் மூன்றையும் அணையுங்கள். டிவியின் தகவல் பட்டையில் 480p என்று தெரிந்தால் இரட்டிப்புக் கருவி தன் வேலையைச் செய்கிறது. 480i என்று தெரிந்தால் கருவி 240p-ஐ அப்படியே கடத்துகிறது என்று பொருள், அதன் பொத்தானை அழுத்தி மாற்றுங்கள்.

பிறகு ஏதாவது ஒரு கேமில் வேண்டுமென்றே அடி வாங்கிப் பாருங்கள். பாத்திரம் மறையாமல், கிழியாமல், சீராக மின்னினால் சிக்னல் முழுப் பாதையிலும் சரியாகப் போகிறது. மின்னாமல் மறைந்தால் நடுவில் எங்கோ 480i என்ற தவறான புரிதல் இன்னும் இருக்கிறது. டிவியின் தகவல் பட்டையில் 480p தெரிகிறதா என்று மீண்டும் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால், கருவி எஸ்-வீடியோவைக் காம்போசிட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது அல்லது நிறக் கம்பியின் முள் வளைந்திருக்கிறது.